புகுந்த வீட்டில் பாப்பா அழுவது ஏன்?

முதல் பிரசவத்திற்குத் தாய் வீடு போவது நம் நாட்டு வழக்கம். குழந்தை பிறந்த மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டிற்கு அனுப்பி வைப்பார்கள். வந்து சேர்ந்த இரண்டு மூன்று நாளில் ஒரு புதுக் கவலை தொடங்கும். அங்கே அழாத குழந்தை இங்கே அழும்.

தாராபுரத்தில் பிறந்த வீடு, காங்கேயத்தில் புகுந்த வீடு என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு மூன்று மாதம்.

அங்கே நடந்தது என்ன?

தாராபுரத்தில் அவளுக்கு அடுப்படி வேலை இல்லை. காலை ஆறு மணிக்குக் குழந்தை விழிக்கும், பால் குடிக்கும். எட்டரைக்கு அம்மாயி வெந்நீர் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். உடனே பால். பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். பகலில் இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒரு தடவை பால். இதுதான் குழந்தை பழகிய வரிசை.

இங்கே மாறியது என்ன?

காங்கேயத்தில் காலை நேரம் பரபரப்பானது. அரிசி ஆலைக்குப் போகிற கணவனுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். மாமனாருக்குப் பலகாரம் வேண்டும். குளியல் பதினொரு மணிக்குத் தள்ளிப் போகிறது. அதற்குள் குழந்தைக்குப் பசியும் வந்துவிடும், தூக்கமும் வந்துவிடும். களைத்த குழந்தை நாலு வாய் குடித்ததும் கண் அயர்ந்துவிடும். அரை மணியில் மறுபடியும் அழும். மாலையில் உறவினர்கள் குழந்தை பார்க்க வருவார்கள். கை மாறிக் கை மாறித் தூக்கம் கெடும். இரவெல்லாம் வீறிடும்.

"பால் பத்தலையாட்ட இருக்குதே, கண்ணு" என்பார் மாமியார். பாட்டில் வரும். மாட்டுப் பாலும் வரும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்ப்பால் ஊறும். பாட்டிலில் வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் குறைவாகக் குடிக்கும்; பாலும் குறைந்து போகும். பால் போதவில்லை என்று முதலில் சொன்னது தவறாக இருந்தாலும், பத்து நாளில் அது உண்மையாகிவிடும்!

பால் போதுமா? எப்படி அறிவது?

அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு பகலும் இரவும் சேர்த்து ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா? அது மஞ்சளாக இல்லாமல் வெளுத்து இருக்கிறதா? இந்த வயதில் மாதம் ஏறக்குறைய அரைக் கிலோ எடை ஏறுகிறதா? இவை சரியாக இருந்தால் பால் போதும். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே உணவு. கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. தாகத்திற்கும் அந்தப் பாலே போதும்.

வரிசை மாறக் கூடாது

கடிகார மணி சற்று மாறினால் கெடுதல் இல்லை. குளியல், பால், தூக்கம் என்ற வரிசை மாறக் கூடாது. காலையில் முடியாவிட்டால் குளியலை மாலை நாலரை மணிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் அதே வேளையில் இருக்கட்டும். குளித்ததும் பால், பால் குடித்ததும் தூக்கம். ஒரு நாள் காலை, ஒரு நாள் மாலை என்று மாற்ற வேண்டாம்.

மூன்று மாதக் குழந்தை ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரந்தான் களைப்பில்லாமல் விழித்திருக்கும். கண்ணைக் கசக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது தூக்கத்தின் அடையாளம். அழும் வரை காத்திராமல் அப்போதே தூங்க வைக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாமியாரிடம் மெதுவாகச் சொல்லலாம்: "பால் இருக்குதுங்க அத்தை. பசி நேரந்தான் தள்ளிப் போச்சுங்க. காலையில நான் பால் குடுத்து முடிக்கிற வரைக்கும் அடுப்பை நீங்க பாத்துக்கிட்டாப் போதுங்க." அந்த அரை மணி உதவி, ஒரு பாட்டிலை வீட்டிற்குள் வராமல் தடுக்கும்.

தடுப்பூசி நாள்

பதினான்காவது வாரத்தில் ஒரு தடுப்பூசி உண்டு. ஊர் மாறும் குழப்பத்தில் பல வீடுகளில் மறந்து போவது இதுதான். குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் துணி மூட்டையில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். அந்த அட்டையைக் காட்டினால் புகுந்த ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரலாம். பயணத்தை அன்று வைக்க வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போவது?

புது வீட்டு அழுகை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். ஆனால் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வீடு மாறிய அழுகை அல்ல. திருஷ்டி சுற்றுவதோடு நின்றுவிடாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.