அத்தையின் நோட்டில் 23 பட்டுப்புடவைகள்!

அக்காவின் வளைகாப்புக்குக் கட்டிக்கொள்ள, அம்மா தன் முகூர்த்தப் புடவையை பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தார். 1994-ல் எடுத்த அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. பிளாஸ்டிக் கவரைப் பிரித்து உதறியதும் ‘சர்’ரென்று ஒரு சத்தம். நடு மடிப்பில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிசல். சரிகையும் கறுத்திருந்தது. “கட்டாமக்கூட பத்திரமா வெச்சிருந்தேனே” என்று அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புடவையோடு, சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை கிழிசலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்போ மடிப்பு மாத்தினீங்க?”

யாருக்குத் தெரியும்?

“அதுக்குத்தாண்டி இது” என்று ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வைத்தார். 23 பட்டுப்புடவைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். என்ன துணி, எப்போது வாங்கியது, எந்த விசேஷத்துக்குக் கட்டுவது, கடைசியாகக் கட்டிய தேதி, மடிப்பு மாற்றிய தேதி, பீரோவில் எந்தத் தட்டு. புதிதாக வாங்கியவற்றின் பக்கத்தில் பில்லையும் சில்க் மார்க் அட்டையையும் ஒட்டி வைத்திருக்கிறார்.

அசல் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய மெல்லிய வெள்ளித் தகடு; அதன் மேல் தங்க முலாம். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்திருந்தால் அந்தத் தகடு முறிந்து, விளிம்பு பட்டு இழையையே அறுக்கும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பதால் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். ஆக, அம்மா ‘பத்திரமா’ வைத்ததுதான் வினை!

அத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து, நிழலில் கொஞ்ச நேரம் காற்றாட விடுகிறார். போன முறை இரண்டாக மடித்திருந்தால் இந்த முறை மூன்றாக மடிக்கிறார், சரிகை உள்பக்கம் வருகிற மாதிரி. 23 புடவையில் எது எப்படி மடித்தது என்று எந்த மூளைக்கும் நினைவிருக்காது. நோட்டில் ‘2’, ‘3’ என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். சுற்றிவைப்பது மாமாவின் பழைய வேட்டித் துண்டில். அதுவும் கஞ்சி போடாதது. கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும். அந்துருண்டை வைப்பதில்லை, சரிகையில் பட்டால் நிறம் மாறும் என்பதால். சின்னத் துணிப்பையில் வசம்பும் கிராம்பும் கட்டி, தட்டின் மூலையில் வைக்கிறார். ஹேங்கரில் எதையும் மாட்டுவதில்லை. கனமான பட்டு தன் எடையாலேயே இழுபடும், கோர்வையில் சேர்த்த கரை அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும்.

விசேஷம் என்ற கட்டம் எதற்கு என்று கேட்டேன். “வைகாசி கருடசேவைக்கு வெயில்லயும் கூட்டத்துலயும் நிக்கணும். வேர்வை பட்டா சரிகை போச்சு. அன்னிக்கு சரிகை கம்மியான 9-ம் நம்பர்தான்.” கட்டி முடித்த அன்றிரவே மடித்துவைப்பதும் கிடையாது. வேர்வை ஈரம் போக மறுநாள் வரை கொடியில் நிழலில் கிடக்கும். பூ, குங்குமக் கறை இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் உள்ளே போகும்.

11-ம் பக்கத்தில் ‘பட்டு’ என்று எழுதி அடித்திருந்தது. சொந்தக்காரர் சீர் வைத்த புடவை. சந்தேகம் வந்து, முந்தியில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். பட்டாக இருந்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகி, கெட்டி மணியாக நின்றுவிட்டது. சரிகையை லேசாகச் சுரண்டியபோதும் சிவப்புப் பட்டு இழை தெரியவில்லை, வெள்ளை நூல்தான். “யார்கிட்டயும் சொல்லல. ஆனா டிரை கிளீனிங் காசு மிச்சம், வீட்லயே அலசிடுறேன்” என்று சிரித்தார்.

அம்மாவின் புடவைக்கு வருவோம். அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கிழிந்த இடத்துக்கு மேலும் கீழும் அதே மடிப்பில் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தது. உடல் பகுதி முழுக்க நலிந்துவிட்டால் கரையையும் முந்தியையும் வெட்டிப் புது உடலில் வைத்துத் தைக்கலாம். இங்கே நலிந்தது மடிப்புக் கோடு மட்டும் என்பதால், பின்பக்கம் மெல்லிய துணி வைத்து இழை ஓட்டினால் போதும் என்றார். ஆனால் இனி நாள் முழுக்க கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ முடியாது. கறுத்த சரிகையைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு ஷீட் போட்டு, அம்மா சொல்லச் சொல்ல டைப் செய்தேன். முதல் வரி இது: ‘1. அரக்கு, அசல் சரிகை, 1994. விசேஷம்: தாலி கட்டும் நேரம் மட்டும். நடு மடிப்பில் இழை ஓட்டியது, அந்தக் கோட்டில் மடிக்கக் கூடாது. இப்போது மூன்றாக.’

விசேஷம் கட்டத்தை டைப் செய்தபோது அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அடுத்த புடவையைப் பிரிக்கச் சொன்னேன்.