மூன்றும் ஒன்றும், பதினொன்றும் ஒன்பதும்

ஒரு தாளில் 1, 0 என்று இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஜோடியிலிருந்து புது ஜோடி ஒன்றை உண்டாக்க ஒரு விதி வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை இரட்டித்து இரண்டாவதைக் கூட்டினால் புதிய முதல் எண். இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கூட்டினால் புதிய இரண்டாவது எண். கிடைப்பது 2, 1. அதே விதியை மறுபடி போட்டால் 5, 4. அப்புறம் 14, 13, 41, 40, 122, 121.

எண்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. ஆனால் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்: 0.5, 0.8, 0.929, 0.976, 0.992. ஈவு 1-ஐ நெருங்குகிறது, அதாவது இரண்டு எண்களும் சமமாகப் பார்க்கின்றன. ஒரு படிக்கு முதல் எண் எத்தனை மடங்காகிறது என்று பார்த்தால், 41 என்பது 122 ஆகும்போது 2.976 மடங்கு. அடுத்த படியில் 2.992 மடங்கு. அது 3-ஐ நோக்கிப் போகிறது.

விதியிலுள்ள பெருக்கும் எண்களைக் கட்டமாக எழுதினால் அது ஓர் அணி. விதியைப் போட்ட பிறகும் திசை மாறாமல், ஏதோ ஒரு மடங்கு மட்டும் ஆகும் ஜோடிக்கு ஐகன் வெக்டர் என்று பெயர். அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு. திரும்பத் திரும்ப அணியால் பெருக்கி, அளவில் மிகப் பெரிய ஐகன் மதிப்பைப் பிடிக்கும் வழிக்குப் பவர் இட்டரேஷன் என்று பெயர். ரிச்சர்ட் ஃபான் மீசஸும் ஹில்டா கைரிங்கரும் 1929-இல் இதை வெளியிட்டார்கள்.

இது ஏன் பலிக்கிறது? 1, 0 என்ற ஜோடி உண்மையில் இரண்டு துண்டுகளின் கூட்டல்: 1, 1 என்பதில் பாதி, 1, -1 என்பதில் பாதி. நம் விதியை 1, 1-இல் போட்டால் 3, 3 வரும். 1, -1-இல் போட்டால் அதே 1, -1 திரும்பி வரும். ஆக ஒரு துண்டு படிக்குப் படி மும்மடங்காகிறது, மற்றது இருந்தபடியே இருக்கிறது. ஐந்து படியில் முதல் துண்டு 243 மடங்கு. அதன் பக்கத்தில் இரண்டாவது துண்டு கண்ணிலேயே படாது. (தொடங்கும் ஜோடியே 1, -1 ஆக இருந்தால் பெரிய துண்டு அதில் துளியும் இல்லை, எத்தனை முறை பெருக்கினாலும் 3 தலைகாட்டாது. அதனால்தான் நடைமுறையில் தொடக்க எண்களைக் குத்துமதிப்பாகக் கலைத்து எடுக்கிறார்கள்.)

இப்போது விதியில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். இரட்டிப்பதற்குப் பதில் பத்து மடங்கு. 1, 0-இல் தொடங்கினால் 10, 1, 101, 20, 1030, 301. ஈவு 0.1, 0.198, 0.292 என்று நகர்கிறது. முதல் விதி ஐந்து படியில் எட்டிய நெருக்கத்தை இந்த விதி எட்ட 28 படி வேண்டும். இந்த அணியின் ஐகன் மதிப்புகள் 11, 9. பெரிய துண்டு 11 மடங்காகும்போது சின்னதும் சளைக்காமல் 9 மடங்காகிறது. ஒரு படியில் பிழை 9/11 ஆகத்தான், அதாவது 0.818 ஆகத்தான் குறைகிறது. முதல் விதியில் அது 1/3.

குவியும் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான்: இரண்டாவது ஐகன் மதிப்பின் அளவை முதலாவதால் வகுத்தால் வருவது. இரண்டு அணியிலும் ஐகன் மதிப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் 2 தான் என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் அல்ல, விகிதமே முக்கியம் என்பதால் ஓர் அழகான வழி திறக்கிறது. பத்து மடங்கு என்பதில் ஒன்பதைக் கழித்துவிட்டு ஒரு மடங்கு என்று வையுங்கள். வெக்டர்கள் மாறாது, ஐகன் மதிப்புகள் இரண்டிலும் 9 குறைந்து 2, 0 ஆகும். விகிதம் பூஜ்ஜியம். 1, 0-இல் ஒரே ஒரு முறை போட்டால் 1, 1 கையில். அடுத்த பெருக்கலில் மடங்கு 2 என்று தெரிகிறது; கழித்த 9-ஐத் திரும்பக் கூட்டினால் 11. எவ்வளவு கழிப்பது என்று முன்கூட்டியே சரியாகத் தெரிவது அரிது. ஆனால் ஓரளவு ஊகித்துக் கழித்தாலே படிகள் வெகுவாகக் குறையும்.

இந்த விகிதத்தின் ஆட்சியை மிகப் பெரிய அளவில் காட்டியது கூகுளின் பேஜ்ரேங்க். இணையத்தில் ஒருவர் இணைப்புகளைக் குருட்டாம்போக்கில் அழுத்திக்கொண்டே போனால் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதே பக்கத்தின் மதிப்பு. அதுவும் ஓர் ஐகன் வெக்டர்தான். அதன் ஐகன் மதிப்பு 1. ஆனால் ஒன்றையொன்று மட்டுமே சுட்டும் இரண்டு பக்கங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே இரண்டாவது ஐகன் மதிப்பு -1. அளவில் முதலாவதுக்குச் சமம். 1, 0 என்பது 0, 1 ஆகி, மறுபடி 1, 0 ஆகி, ஆடிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் நிலைக்காது.

இதற்கு செர்கே பிரின்னும் லாரி பேஜும் சேர்த்திருந்த அம்சமே மருந்தாகிறது: 100-க்கு 85 தடவை இணைப்பை அழுத்து, மீதி 15 தடவை எங்காவது தாவிவிடு. இந்த 0.85 இருக்கும்போது இரண்டாவது ஐகன் மதிப்பின் அளவு 0.85-ஐத் தாண்டாது என்று 2003-இல் ஸ்டான்ஃபோர்டின் டாஹர் ஹாவேலிவாலாவும் செபாண்டர் காம்வரும் நிறுவினார்கள். பக்கங்கள் ஆயிரமானாலும் கோடியானாலும் வரம்பு அதுதான். 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பு சுமார் 52 படியில் நிலைத்தது, அதில் பாதி 45 படியில் நிலைத்தது என்று பேஜ்ரேங்கின் மூலக் கட்டுரை சொல்கிறது. தரவு இரண்டு மடங்கானதற்குக் கூடியது ஏழு படி.

0.85-ஐ 0.99 ஆக்கினால் இணைப்புகளுக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கும் என்று தோன்றலாம். விலை கடுமையானது. 0.85-இல் விடையின் ஒரு தசம இலக்கம் உறுதியாக ஏறக்குறைய 14 படி, 0.99-இல் ஏறக்குறைய 229 படி.

மெதுவான விகிதம் நேரத்தை மட்டும் தின்பதில்லை, ஏமாற்றவும் செய்யும். பத்து மடங்கு விதிக்கே திரும்புவோம். ‘ஈவு ஒரு படிக்கு 0.01-க்கும் குறைவாக மாறினால் நிறுத்து’ என்று கணினிக்குச் சொன்னால் அது 19-ஆம் படியில் நிற்கும். அப்போதைய மாற்றம் 0.0094. விடை 0.01-க்குள் வந்துவிட்டது என்று நினைப்போம். ஈவோ 0.957-இல் நிற்கிறது, இன்னும் 0.043 பாக்கி. மாற்றம் சிறுத்தது விடை நெருங்கியதால் மட்டுமல்ல, நடையே சிறுநடை என்பதாலும்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஐகன் மதிப்புகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைசி மாற்றத்தை அதற்கு முந்தைய மாற்றத்தால் வகுத்தாலே விகிதம் கிட்டத்தட்ட வந்துவிடும். 18-ஆம் படியில் மாற்றம் 0.0113, 19-இல் 0.0094, வகுத்தால் சுமார் 0.83. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.17. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 5. மீதமுள்ள பிழை, கடைசி மாற்றத்தைப் போல அத்தனை மடங்கு: 0.0094 பெருக்கல் 5, அதாவது 0.047. உண்மையான பாக்கி 0.043. விகிதம் 0.99 ஆக இருக்கும் கணக்கில் அந்தப் பெருக்கும் எண் 99.