விளம்பரத்தில் ஒன்று, போனில் வேறொன்றா? எழுத்தில் கேளுங்க!

வேலைவாய்ப்பு ஆப்பில் ஒரு விளம்பரம் பார்க்கிறீர்கள்: "அலுவலக உதவியாளர், டேட்டா என்ட்ரி, மாதம் ரூ.18,000". விண்ணப்பித்த மறுநாளே போன் வருகிறது. "கஸ்டமர்களை நேர்ல போய்ப் பார்க்கணும். ஃபிக்சட் 12,000, மீதி இன்சென்டிவ். நாளைக்கு இன்டர்வியூவுக்கு வந்துடுங்க" என்கிறார் பேசுபவர். விளம்பரத்தில் இருந்தது அலுவலக வேலை. போனில் சொன்னது களப்பணி. இப்போது என்ன செய்யலாம்?

முதலில் ஸ்கிரீன்ஷாட்

விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நீக்கலாம். அதனால் நிறுவனத்தின் பெயர், பணி விவரம், சம்பளம், தேதி எல்லாம் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் சொன்னதையும், பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது?

வித்தியாசம் இருந்தாலே மோசடி என்று அர்த்தமில்லை. கன்சல்டன்சியில் ஒரே நபர் பல காலியிடங்களுக்கு ஆள் தேடுவார். வேறு வேலைக்காக உங்களை அழைத்திருக்கலாம். எனவே குற்றம் சாட்டாமல், இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படிக் கேளுங்கள்:

"வணக்கம். விளம்பரத்தில் அலுவலகப் பணி, ரூ.18,000 என்று இருந்தது. போனில் களப்பணி, ரூ.12,000 மற்றும் இன்சென்டிவ் என்று சொன்னீர்கள். இது நான் விண்ணப்பித்த வேலைதானா, வேறு காலியிடமா? பதவியின் பெயர், பணியிடம், இன்சென்டிவ் இல்லாத மாதத்தில் கைக்கு வரும் தொகை, பணி ஆணை தரும் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். நன்றி."

கைக்கு வரும் தொகையை ஏன் கேட்கணும்?

ரூ.12,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், அதாவது ரூ.1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், ரூ.90. கைக்கு வருவது ரூ.10,470 மட்டுமே. களப்பணி என்றால் பெட்ரோல் செலவும் உண்டு. அதை யார் தருவார்கள் என்றும் கேளுங்க. ரூ.18,000 என்று நினைத்துச் சேர்ந்தவருக்கு முதல் மாதமே வாடகை இடிக்கும்.

பதிலை எப்படிப் புரிந்துகொள்வது?

"ஆமாம், அது வேறு காலியிடம்" என்று விவரத்தோடு பதில் வந்தால், அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று நிதானமாக முடிவு செய்யலாம். "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் எழுத்தில் பதில் இல்லையென்றால், பஸ் காசு செலவழித்துப் போவதற்கு முன் யோசியுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் அளிக்கலாம்.

ஒன்று நினைவிருக்கட்டும். எழுத்தில் வந்த பதில் நல்ல ஆதாரம்; ஆனால் அது பணி ஆணை ஆகிவிடாது. பதவி, பணியிடம், சம்பளம் மூன்றும் அந்தப் பதிலில் உள்ளபடியே பணி ஆணையிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.