‘கொஞ்சம் பளிச்னு பண்ணுங்க’ என்றால் என்ன செய்வது?

விளம்பரம் வடிவமைப்பவர்களுக்கு அடிக்கடி வரும் திருத்தம் ஒன்று உண்டு: “நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் பளிச்னு பண்ணிக் குடுங்க.” கேட்டதும் நிறத்தைக் கூட்டுவார்கள், எழுத்தைத் தடிமனாக்குவார்கள், மூலையில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டுவார்கள். “இன்னும் வரலியே” என்று அது திரும்பி வரும். இதில் வாடிக்கையாளர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஏதோ சரியில்லை என்று அவர் கண் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். எது என்று கண்டுபிடிப்பது வடிவமைப்பாளரின் பாடு.

ஒரு இனிப்புக் கடையின் தீபாவளி விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கான சதுரப் படம், அகலம் 1080 பிக்ஸல். சிவப்புப் பின்னணியில் பாதி இடத்தைக் குத்துவிளக்கு பிடித்திருக்கிறது. சுற்றிலும் மத்தாப்பு, பூ, கடைப் பெயர். கீழே ஆரஞ்சு எழுத்தில், ‘அக்டோபர் 25-க்குள் ஆர்டர் தந்தால் 10% தள்ளுபடி’.

கடைக்காரர் பளிச்சென்று இல்லை என்கிறார். இங்கே கேட்க வேண்டியது “எந்தக் கலர் போடட்டும்?” என்பதல்ல.

“அண்ணாச்சி, படத்தைத் திறந்ததும் மொதல்ல எதப் பாத்தீங்க?”

“வெளக்கத்தான் தம்பி.”

“ஜனங்க மொதல்ல எதப் பாக்கணும்?”

“தள்ளுபடியும் தேதியும் தெரிஞ்சாப் போதும்.”

இப்போது வேலை தெளிவாகிவிட்டது. கண் விளக்கில் நிற்கிறது. தள்ளுபடிக்கு வர வேண்டும். ஏன் வரவில்லை என்பதை இனி அளந்தே பார்க்கலாம்.

முதலில் எழுத்தின் உயரம். கணினித் திரையில் 24 பிக்ஸல் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த 1080 பிக்ஸலும் கைப்பேசியில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அப்போது அந்த எழுத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அந்த அளவில் ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 60 பிக்ஸலாக்கினால் மூன்றரை மில்லிமீட்டர் கிடைக்கும்.

அடுத்தது நிற வேறுபாடு. எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை 1-லிருந்து 21 வரை விகிதமாகக் கணக்கிடுவார்கள். இதற்கு இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 கேட்கிறது. சுத்தச் சிவப்பின் மேல் ஆரஞ்சு வைத்தால் கிடைப்பது 2 மட்டுமே. இரண்டுமே கண்ணைப் பறிக்கும் நிறங்கள்தான், ஆனாலும் எழுத்து எழும்பாது. பின்னணியை அடர் மெரூனாகவும் எழுத்தை மஞ்சளாகவும் மாற்றினால் விகிதம் 10 ஆகிவிடும். பண்டிகைக் களையும் போகாது. சந்தேகமிருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஆரஞ்சு வரி சாம்பலோடு சாம்பலாக மங்கிக் கிடப்பது தெரியும்.

மூன்றாவதுதான் மனம் ஒப்பாத வேலை: மற்றவற்றை அடக்குவது. ஒரே மாதிரியானவற்றுக்கு நடுவே மாறுபட்ட ஒன்று கூடுதலாக நினைவில் தங்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இல் காட்டினார். எல்லாமே கத்தினால் எதுவும் தனித்து நிற்காது. ஆகவே விளக்கைக் கால்வாசி இடத்துக்குச் சுருக்கி, மத்தாப்பை எடுத்துவிட வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். அவர் சொன்ன தள்ளுபடி வரிக்காகவே இதைச் செய்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

இனி சோதனை. படத்தை இதுவரை பார்க்காத ஐந்து பேரிடம், கைப்பேசியிலேயே, ஐந்து விநாடி காட்டிவிட்டு மறையுங்கள். “என்ன ஞாபகம் இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். “தள்ளுபடியப் பாத்தீங்களா?” என்று கேட்டால் விடையை நாமே ஊட்டிவிட்டதாகும். நாலு பேராவது தள்ளுபடியையோ தேதியையோ சொன்னால் தேறியது என்று கடைக்காரரோடு முன்பே பேசி எழுதிவைப்பது முக்கியம். பின்னால் முடிவைப் பார்த்து அளவுகோலை வளைக்கும் ஆசை இரு தரப்புக்கும் வரும். பழைய படத்தையும் வேறு ஐந்து பேரிடம் காட்டினால் என்ன மாறியது என்பது விளங்கும். மூன்று மாற்றங்களையும் ஒரே மூச்சில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. நேரமிருந்தால் ஒவ்வொன்றாகச் செய்யலாம். அவசரத்தில் அதை விட்டுவிடுவதிலும் தப்பில்லை.

சில திருத்தங்கள் இந்த அளவுகோலுக்குள் வராது. “மங்களகரமா இல்லையே” என்று அண்ணாச்சி சொன்னால், அவருக்குப் பிடித்த இரண்டு மூன்று பழைய அழைப்பிதழ்களை வாங்கிப் பார்ப்பதே வழி. ஐந்து பேர் சோதனை பெரிய குறைகளைக் காட்டும், அவ்வளவுதான். விற்பனை கூடியதா என்று அறிய வேண்டுமானால் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனி ஆர்டர் எண்ணோடு அனுப்பி, வரும் அழைப்புகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.