பன்னிரண்டு மணிக்குத் தூங்க, காலையில் தொடங்குங்கள்

அக்கா மகன் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. படிக்கிறான். இரவு 2 மணிக்குத் தூங்கி, காலை 9 மணிக்கு எழுந்து, பல் தேய்த்ததும் தேய்க்காததுமாக 9.30 வகுப்புக்கு ஓடுவான். மெஸ்ஸில் டிபன் 8.45-க்கே முடிந்துவிடும். "பன்னெண்டு மணிக்கே படுத்துப் பாத்துட்டேன் மாமா. ரெண்டு மணி வரைக்கும் ஃபேனைப் பாத்துட்டே கெடந்தேன்" என்றான்.

அவன்மேல் தப்பில்லை. வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்குவதற்கு மிகக் கடினமான பொழுது. நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பையும் மீறி, உடலின் உள்கடிகாரம் அப்போது நம்மை விழிக்க வைத்திருக்கும். 2 மணிக்குத் தூங்கிப் பழகியவன் 12 மணிக்குப் படுத்தால் சரியாக அங்கே போய் மாட்டிக்கொள்கிறான். அதனால் முதலில் நகர்த்த வேண்டியது கடிகாரத்தை. அதற்கான பிடி காலை வெளிச்சத்தில் இருக்கிறது. பெரும்பாலானவர்களின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது, கல்லூரி வயதில் அது இன்னும் பின்தங்கும். காலை வெளிச்சம் அதை முன்னே இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னே தள்ளும்.

நாங்கள் போட்ட திட்டம் இதுதான். முதல் திங்கள் முதல் புதன் வரை காலை 8.30-க்கு எழ வேண்டும், இரவு 1.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். வியாழன் முதல் ஞாயிறு வரை 8 மணியும் 1 மணியும். இரண்டாம் வாரம் திங்கள் முதல் புதன் வரை 7.30, 12.30. கடைசி நான்கு நாளும் 7 மணிக்கு எழுந்து 12-க்குப் படுக்கை. ஒவ்வொரு படியும் அரை மணி நேரம்தான். சனி, ஞாயிறில் புதுப் படி ஏறாதபடி வைத்தோம். அந்த இரண்டு நாளும் இருப்பதைக் காப்பாற்றினாலே பெரிய விஷயம்.

எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். அறை ட்யூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸுக்குள் அடங்கிவிடும். மேகம் மூடிய காலையில்கூட மொட்டைமாடியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அவன் துணி துவைத்துக் காயப்போடுகிற வேலையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்போ நாளைக்கே அஞ்சு மணிக்கு எந்திரிச்சிடுறேனே" என்று ஒரு வேகத்தில் கேட்டான். கூடாது. 9 மணிக்கு எழுகிற உடலுக்கு 5 மணி என்பது நடுராத்திரி மாதிரி. அப்போது கண்ணில் படும் வெளிச்சத்தை இரவு வெளிச்சமாகவே எடுத்துக்கொண்டு, கடிகாரம் இன்னும் பின்னே போகும்.

இரவில் படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திருப்பிய மேஜை விளக்கு மட்டும். அறைத் தோழனிடம் இதை முதல் நாளே பேசிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் நாளே சண்டை வரும். டீ, காபி மாலை 4 மணியோடு சரி. குடித்த காஃபினில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ராத்திரி 11 மணி டீக்கடை நடைதான் அவனுக்கு விடக் கஷ்டமாக இருந்தது. போகட்டும், பால் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விளக்கை அணைத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காரலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை அலாரம் மட்டும் மாறக் கூடாது. அதனால் முதல் மூன்று நாள் தூக்கக் குறைவு இருக்கத்தான் செய்யும். மதியம் 3 மணிக்குள் இருபது நிமிடம் கண் அயரலாம். அந்த நாட்களில் பைக் ஓட்டாமல் இருப்பது நல்லது. தேர்வு வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

முதல் சனிக்கிழமை அவன் செகண்ட் ஷோ போய்விட்டு 2.30-க்குத்தான் தூங்கினான். ஞாயிறு பழையபடி 12 மணி வரை தூங்கியிருந்தால் அந்த வார உழைப்பில் பெரும்பகுதி போயிருக்கும். 8.45-க்கு எழுந்து மாடிக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை படி ஏறாமல் 8 மணியிலேயே இரண்டு நாள் நின்றான். திட்டம் பதினாறு நாள் ஆனது.

படுக்கையில் விழாமலே, 11.45 வாக்கில் தானாகக் கொட்டாவி வந்தால் கடிகாரம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை, லீவில் விட்டால் மட்டும் 3 மணிக்குப் படுத்து நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்றால், அது தூக்க நேரம் பின்தங்கும் கோளாறாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெலடோனின் மாத்திரையையும் அவர் சொல்லாமல் வாங்கிப் போட வேண்டாம்.

போன வாரம் பேசும்போது அவன் குறைபட்டுக்கொண்டது வேறு விஷயம்: மெஸ்ஸில் செவ்வாய்க்கிழமை பொங்கல் வாயில் வைக்க முடியவில்லையாம். இத்தனை நாள் அதைச் சாப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில் அவன் எழுந்ததே இல்லை.