ட்யூபுக்குள்ளும் பசிக்கும்

காலை பத்தரை மணி இருக்கும். வார்டிலிருந்து வந்த ஒரு ரத்த சாம்பிளில் சர்க்கரை 28 மில்லிகிராம் என்று மெஷின் காட்டியது. லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பதறிப்போய், "சார், இருபத்தெட்டு! பேஷன்ட் மயங்கி விழுந்திருக்கணுமே" என்றாள். வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் சிரித்தார். "அவரா? கட்டில்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார் சார். பக்கத்து பெட்காரருக்கும் சத்தமா படிச்சுக் காட்டுறார்."

விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னேன். 96 காட்டியது.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். அவருக்கு 2,40,000. எடுத்த ரத்தம் இரண்டரை மணி நேரம் வார்டு மேசையிலேயே கிடந்திருக்கிறது. அந்த நேரத்தில் ட்யூபில் இருந்த சர்க்கரையை அணுக்கள் தின்று தீர்த்துவிட்டன. மறுபடி ரத்தம் எடுத்து, ஐஸ் கலந்த தண்ணீரில் ட்யூபை வைத்துக் கொண்டுவரச் சொல்லி, வந்ததும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினோம். 93. மெஷினில் கோளாறே இல்லை. முதல் தடவையும் அது உண்மையைத்தான் சொன்னது. அந்த ட்யூபில் அப்போது இருந்தது 28தான், அந்த மனிதரின் உடம்பில்தான் அப்படி இல்லை.

புற்றுநோய் இல்லாதவர் ரத்தத்திலும் இதே கதை மெதுவாக நடக்கிறது. உடம்பை விட்டு வெளியே வந்தது அணுக்களுக்குத் தெரியாது. சிவப்பணுவுக்குச் சர்க்கரையை விட்டால் வேறு எரிபொருளே கிடையாது. அதனால் ட்யூபிலும் தின்றுகொண்டேதான் இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுற்றினால் அணுக்கள் அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அதைத் தனியே எடுத்துவிட்டால் தின்ன ஆளில்லை. பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் அளவு மாறாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிராமத்துக் கலெக்ஷன் சென்டரில் காலை ஏழு மணிக்கு ஒருவருக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்கள். அவருடைய உண்மையான சர்க்கரை 130. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்பது விதி. ரத்தத்தைச் சாதாரண ட்யூபில் விட்டு, பையில் போட்டு, பஸ்ஸில் அனுப்புகிறார்கள். டவுன் லேபில் பத்தரைக்குச் சுற்றுகிறார்கள். மணிக்கு 6 சதவீதம் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் 130 என்பது 105 ஆகியிருக்கும். "பார்டர்தான், இனிப்பைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

"அதுக்குத்தானே கிரே டாப் இருக்கு" என்பார்கள் லேப்காரர்கள். சாம்பல் நிற மூடி போட்ட அந்த ட்யூபில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கும், அணுக்கள் சர்க்கரையைத் தின்பதை அது நிறுத்திவிடும் என்று படித்திருக்கிறோம். நிறுத்துவது உண்மைதான், ஆனால் உடனே நிறுத்தாது. இதைத்தான் நம்மில் பலர் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை.

அணுவுக்குள் சர்க்கரை பத்துப் படிகளில் உடைபடுகிறது. ஃப்ளோரைடு கைவைப்பது ஒன்பதாவது படியில். பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வெளியே போகும் வாசலை மட்டும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இடம் இருக்கும்வரை வண்டிகள் நுழைந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டாண்டு நிரம்பி நெரிசலான பிறகுதான் வரத்து நிற்கும். அதுபோல ஃப்ளோரைடு போட்ட பிறகும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை அணுவுக்குள் போய்க்கொண்டேயிருக்கும். முழுவதும் நிற்பதற்குள் 5 முதல் 9 மில்லிகிராம் வரை போய்விடலாம். அதற்குப் பிறகு மூன்று நாள் வைத்தாலும் பெரிதாக மாறாது. நம் 130காரருக்கு கிரே டாப்பில் எடுத்திருந்தால் 121 முதல் 125 வரை வந்திருக்கும். 105ஐ விட எவ்வளவோ மேல், ஆனாலும் 126ஐத் தாண்டவில்லை. சிட்ரேட் கலந்த ட்யூபுகள் வேறு விதம். அவை ரத்தத்தைக் கொஞ்சம் புளிக்கவைத்து, முதல் படிகளிலேயே, அதாவது நுழைவாசலிலேயே தடுத்துவிடுகின்றன. சிறு லேப்களில் அவற்றைப் பார்ப்பது அபூர்வம்.

ஐந்து மில்லிகிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கர்ப்பிணிகள் விஷயத்தில் அது பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஏற்ற அளவுகோலின்படி கர்ப்ப காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 92 என்றாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அயர்லாந்தின் டப்ளினில் 155 கர்ப்பிணிகளிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் இரண்டு ட்யூபில் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றை ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே சுற்றினார்கள். மற்றதை, வழக்கமாக ஆஸ்பத்திரியில் நடப்பதுபோல, பரிசோதனை முழுக்க முடியும்வரை அறையில் வைத்திருந்து பிறகு அனுப்பினார்கள். வெறும் வயிற்று அளவின் சராசரி உடனே சுற்றியதில் 90, காத்திருந்ததில் ஏறக்குறைய 86. வித்தியாசம் நான்குதான். ஆனால் நோய் என்று கண்டறியப்பட்டவர்கள் முதல் முறையில் 59 பேர், இரண்டாவது முறையில் 22 பேர். அதே பெண்கள், அதே நாள், அதே கை நரம்பு.

ஒரு ட்யூப் காத்துக் கிடந்ததா என்பது அதைப் பார்த்தால் தெரியாது. பிளாஸ்மா அதே மஞ்சள்தான். சுற்றுவழியாகத்தான் துப்பு கிடைக்கும். மருந்து எதுவும் இல்லாத சிவப்பு மூடி ட்யூபில் சர்க்கரை குறைந்தும் பொட்டாசியம் ஏறியும் வந்தால், அது நெடுநேரம் சுற்றாமல் கிடந்த ரத்தமோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். தின்னச் சர்க்கரை இல்லாமல் போன அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே பிடித்துவைக்க முடியாமல் கசியவிடும். கிரே டாப்பில் இதைப் பார்க்கக் கூடாது. அதில் பொட்டாசியம் ஆக்ஸலேட் ஏற்கெனவே இருக்கிறது.

மற்ற இரண்டு கோளாறுகளும் கண்ணில் படும் என்பதால் ஓரளவு நல்லவை. ஒன்று சிவப்பு. சுற்றியபின் பிளாஸ்மா மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறத்திலோ செக்கச்செவேல் என்றோ இருந்தால் "ஹீமோலைஸ்டு" என்று எழுதுவோம். சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அது எடுத்தவர் கையில் இருக்கிறது. மெல்லிய ஊசியில் பிஸ்டனை வெடுக்கென்று இழுப்பது, தோலில் தடவிய ஸ்பிரிட் காயும் முன்னே குத்துவது, ஊசியைக் கழற்றாமல் ட்யூபுக்குள் பீய்ச்சுவது, எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டிய ட்யூபை டானிக் பாட்டில்போலக் குலுக்குவது. ஐஸில் வைக்கச் சொன்னதற்காக ட்யூபை ஐஸ் கட்டிக்குள் சொருகுவதும் இதில் சேரும். ரத்தம் உறைந்தால் அணு வெடிக்கும். அதனால்தான் தண்ணீரும் ஐஸும் கலந்து வைக்கச் சொல்கிறோம்.

லேசான ரோஸ் நிறம் பொட்டாசியத்தைக் கெடுக்கும் அளவுக்குச் சர்க்கரையைக் கெடுப்பதில்லை. கடும் சிவப்பு என்றால் கெடுக்கும், எந்தப் பக்கம் கெடுக்கும் என்பதும் முறையைப் பொறுத்தது. நம் ஊர் லேப்களில் அதிகம் ஓடும் முறையில் சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கி, அது ஒரு சாயத்தைச் சிவப்பாக்கும் அளவைப் பார்க்கிறோம். உடைந்த அணுவிலிருந்து வரும் கேட்டலேஸ் என்ற நொதி அந்தப் பெராக்சைடை விழுங்கினால் சர்க்கரை குறைவாகத் தெரியும். ஹீமோகுளோபினின் சிவப்பே சாயத்தோடு சேர்ந்துகொண்டால் அதிகமாகத் தெரியும். கூட்டிக் கழித்துத் திருத்த வழியில்லை. மறுபடி குத்துவதுதான் ஒரே வழி.

இன்னொன்று வெள்ளை. டிரைகிளிசரைடு மிக அதிகமானவர் ரத்தத்தைச் சுற்றினால் மேலே பால் நிற்பதுபோல இருக்கும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளிகளுக்கே இது அடிக்கடி வருவதால், எந்த எண் சரியாக வேண்டுமோ அதுவே சிக்கலில் மாட்டுகிறது. மெஷின் ஒளியை அனுப்பி எவ்வளவு மறைகிறது என்று பார்க்கும். மறைப்பது சாயமா கொழுப்பா என்று அதற்குத் தெரியாது.

இதைத் திருத்த வழி உண்டு. 100 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு 0.30 ஒளிமறைப்பு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பால் நிற சாம்பிள் 0.66 காட்டுகிறது. அப்படியே கணக்கிட்டால் சர்க்கரை 220. அதே அளவு சாம்பிளை ரீஏஜென்டுக்குப் பதில் வெறும் சலைனில் கலந்து பார்க்கிறோம். சாயமே இல்லாதபோதும் 0.09 காட்டுகிறது. அது கொழுப்பின் பங்கு. கழித்தால் 0.57, அதாவது 190. கலங்கல் இதற்கும் அடங்காத அளவு இருந்தால் பிரித்தெடுத்த பிளாஸ்மாவை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைப்போம். பெரிய கொழுப்புத் துளிகள் ஆடைபோல மேலே ஏறிவிடும், அடியில் இருப்பதை உறிஞ்சிப் பார்க்கலாம். அதிவேக சென்ட்ரிஃப்யூஜ் இருந்தால் கால் மணியில் அதே வேலை முடியும். கொழுப்பு பிளாஸ்மாவில் இடத்தை அடைத்துக்கொள்வதால் சர்க்கரை கொஞ்சம் குறைவாகத் தெரிவதும் உண்டு. சலைன் கணக்கு அதைத் திருத்தாது.

சிவப்பென்றால் திருப்பி அனுப்புகிறோம், வெள்ளையென்றால் கழித்துக் கணக்குப் போடுகிறோம். காத்துக் கிடந்த ட்யூபுக்கு இருப்பது ஒரே சாட்சி, ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் ரத்தம் எடுத்த நேரம் எழுதும் கட்டம். ஒருநாள் ஒரு கலெக்ஷன் சென்டரிலிருந்து பதினொரு மணிக்குப் பை வந்தது. அதில் 22 ட்யூப்கள். எடுத்த நேரம் எழுதாமல் அனுப்பினால் வாங்க மாட்டோம் என்று முந்தின வாரம்தான் கறாராகச் சொல்லியிருந்தோம். 22 ஃபாரத்திலும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் எழுதியிருந்தது: 10.45.