டா, மச்சா, ப்ரோ

வினையோடு ஒட்டி வரும் ‘டா’ நண்பனிடம் உரிமை, அறிமுகமில்லாதவரிடம் வசவு. ‘மச்சான்’ கேலிக்கு இடமுள்ள உறவுமுறை. அதன் குறுக்கமான ‘மச்சா’ நட்புக்கு வந்ததில் வியப்பில்லை.

‘ப்ரோ’வின் வேலை வேறு. தமிழில் ஒருவரை அண்ணா என்பதா தம்பி என்பதா என முடிவுசெய்ய வயது தெரிய வேண்டும். ‘ப்ரோ’வுக்கு அது தேவையில்லை. பெண்களுக்கு ‘சிஸ்’ அப்படியே. மரியாதையை வினை சுமக்கும்: ‘சொல்லுங்க ப்ரோ’.

கேலியை எப்படி அறிவது? வழக்கத்திலிருந்து விலகுவதே அடையாளம். தினமும் ‘எப்படா தருவ?’ என்று கடனைக் கேட்பவன், ஒருநாள் ‘சார் எப்ப தருவீங்க?’ என்றால் கூடியது மரியாதை அல்ல, எரிச்சல். வாக்குவாதத்தின் நடுவே வரும் ‘சரிங்க ப்ரோ, நீங்க சொன்னா சரிதான்’ என்பதும் இதே ரகம். அங்கே யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.